பழத்தின் மேல் பழி போடாதீர்கள், பாலைப் பாருங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். காரமும் உண்டு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் இந்த மாதம் பப்பாளியைப் பற்றி நான்கு பார்வர்டு வந்துவிட்டது. இரண்டில் பப்பாளி விஷம் என்று இருக்கிறது. மற்ற இரண்டில் பப்பாளிப் பாலைத் தடவினால் படர்தாமரை முதல் மரு வரை எல்லாம் போகும் என்று இருக்கிறது. நான்குக்கும் கைகூப்பிய பொம்மை போட்டவர்கள் ஒரே ஆட்கள். விஷம் என்பதற்கும் ஒரு கும்பிடு, மருந்து என்பதற்கும் ஒரு கும்பிடு. முப்பது வருடம் அறிவியல் பாடம் எடுத்தவனுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நான்கு பார்வர்டும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன. எந்தப் பப்பாளி என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. நம் மொழியில் பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று நான்கு சொல் சும்மா வைக்கவில்லை. பப்பாளியைப் பொறுத்தவரை இந்த நான்கும் கிட்டத்தட்ட நான்கு வேறு பண்டங்கள். அவற்றைப் பிரிப்பது அதன் பால். பால் எப்போது இருக்கும், எங்கே இருக்கும், எதனால் அடங்கும் என்று தெரிந்துகொண்டால் பப்பாளியைப் பற்றி இனி யாரும் உங்களைப் பயமுறுத்தவும் முடியாது, ஏமாற்றவும் முடியாது.

முதலில் பால் என்றால் என்ன என்று பார்ப்போம். பப்பாளிக் காயைக் கீறினால் வெள்ளையாக வடிகிறதே, அதில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது அதன் வேலை. எந்தப் புரதம் என்று அது பார்க்காது. ஆட்டுக்கறியும் புரதம், பசும்பாலில் இருப்பதும் புரதம், உங்கள் விரல் தோலும் புரதம். "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று சொல்லும் சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சித்தப்பா, கறியை மெதுவாக்கும் பொருள் கையை மட்டும் எப்படி விட்டுவைக்கும்?

இந்தப் பாலுக்காகவே பப்பாளி பயிரிடுகிறார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த கோ 2, கோ 5 ரகங்கள் பால் எடுப்பதற்குப் பெயர் பெற்றவை. 75 முதல் 90 நாள் வயதுள்ள காயில், மேலிருந்து கீழாக நான்கு கீறல் போட்டு, வடியும் பாலைத் தட்டில் பிடிக்கிறார்கள். நான்கு நாள் இடைவெளி விட்டு அதே காயில் மறுபடியும் கீறுகிறார்கள். இந்த வேலை காலையில் வெயில் ஏறுவதற்கு முன் நடக்கும், ஏனென்றால் செடியில் நீர் நிறைந்திருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும்.

இதிலிருந்து சமையலுக்கு இரண்டு பாடம் கிடைக்கிறது. முற்றாத பச்சைக் காயில்தான் பால் அதிகம் என்பது ஒன்று. பால் வேண்டும் என்பவன் காலையில் கீறுகிறான் என்றால், பால் வேண்டாம் என்கிற நாம் வெயில் ஏறிய பிறகு பறிக்க வேண்டும் என்பது இன்னொன்று. கொல்லையில் மரம் வைத்துக்கொண்டு விடிந்ததும் பறித்து, உடனே அரிவாள்மனையில் உட்கார்ந்து, "ஐயோ கை எரியுதே" என்பவர்கள் இதைக் கவனியுங்கள். மூன்று மணிக்கு மேல் பறியுங்கள். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு பழைய தட்டில் சாய்த்து வையுங்கள். மறுநாள் நறுக்குங்கள். பாதிப் பால் தானே வடிந்திருக்கும்.

அடுத்து, காய் எது, செங்காய் எது என்று பார்ப்பது. மரத்திலேயே பார்ப்பதானால் நகத்தால் தோலில் லேசாக ஒரு கீறு போடுங்கள். கெட்டியாக, வெள்ளையாக, சொட்டு நின்று வடிந்தால் அது காய். பால் வெளுத்துத் தண்ணீராக வந்தால் அது பழுக்கத் தொடங்கிவிட்டது. பழத்துக்குப் பறிக்கும் விவசாயி பார்ப்பதும் இதைத்தான். அதே சமயம் காயின் அடிமுனையில் மஞ்சள் கோடு ஒன்று விழும். அந்தக் கோடு விழுந்துவிட்டால் அது செங்காய்.

கடையில் வாங்கும்போது இந்த நகச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். பறித்து இரண்டு மூன்று நாள் ஆன காய் வாடியிருக்கும், பச்சையாக இருந்தாலும் பால் சொட்டாது. அங்கே அடிமுனையின் நிறத்தையும் உறுதியையும் பாருங்கள். முழுக்கப் பச்சையாக, கட்டைவிரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து வெட்டினால் சதை வெள்ளையாக அல்லது வெளிர்பச்சையாக, விதை வெள்ளையாக இருந்தால் கூட்டுக்கு அருமை. விதை கறுத்தும் சதை வெள்ளையாகவே இருந்தால் முற்றின காய், கூட்டுக்கு ஆகும், கொஞ்சம் கூடுதலாக வேகும். சதையில் ஆரஞ்சு நிறம் ஓடியிருந்தால் பொரியல் ஆசையை விட்டுவிடுங்கள். அடுப்பில் வைத்த ஐந்தாம் நிமிடம் குழைந்துவிடும், இனிப்பும் தட்டும். "பப்பாளிக்காய்ப் பொரியல் எங்க வீட்டில் யாருக்கும் பிடிக்காது" என்பவர்களில் பலர் காய்ப் பொரியல் சாப்பிட்டதே இல்லை. செங்காய்க் கூழைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் கேட்டே ஆக வேண்டும். காற்றில் மரம் சாய்ந்துவிட்டால் பச்சைக் காயையெல்லாம் பொறுக்கி அரிசிப் பானையில் புதைத்து, பழுக்கும் பழுக்கும் என்று காத்திருப்பது. வாழைக்காயில் மாவு இருக்கிறது, பறித்த பிறகும் அந்த மாவு சர்க்கரையாக மாறும். பப்பாளியில் அப்படி மாவுச் சேமிப்பு கிடையாது. மரத்தில் இருக்கும்போது இலையிலிருந்து வந்து சேரும் சர்க்கரைதான் அதன் இனிப்பு. அதனால் மஞ்சள் கோடு விழாத காய் பானைக்குள் மெதுவாகலாம், நிறம்கூட மாறலாம், இனிக்காது. சப்பென்று இருக்கும். கடைசியில் அது குப்பைக்குத்தான் போகிறது. விழுந்த அன்றே காயாகச் சமைத்திருந்தால் தெருவுக்கே கூட்டு வைத்திருக்கலாம்.

சரி, சமைப்போம். ஒரு கிலோ எடையுள்ள ஒரு காயை எடுத்துக்கொள்ளுங்கள்.

நறுக்கும் முன் இரண்டு கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பலாப்பழம் அரிய எப்படித் தடவுவோமோ அப்படி. கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். ரப்பர் கையுறை போட்டால் அரிப்பு வரும் உடம்புக்காரர்களுக்குப் பப்பாளியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், சாப்பிடும்போதும் கவனமாக இருங்கள்.

காயின் மேல் மேலிருந்து கீழாக நான்கைந்து கீறல், தோல் ஆழத்துக்கு மட்டும் போடுங்கள். பால் ஓடும் குழாய்கள் பெரும்பாலும் தோலிலும் அதை ஒட்டியுமே இருக்கின்றன. ஆழமாகக் குத்துவதால் லாபம் இல்லை. காம்பை ஒரு துண்டு சீவிவிட்டு, அந்தப் பக்கம் கீழே இருக்க, அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பிறகு வடிந்த பாலைப் பழைய துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நல்ல சேலையில் துடைக்காதீர்கள், காய்ந்ததும் ரப்பர் மாதிரி பிடித்துக் கறையாகிவிடும்.

அடுத்து தோலைத் தாராளமாகச் சீவுங்கள். சீவியபின் சதையில் பச்சை தெரியக்கூடாது, வெள்ளைதான் தெரிய வேண்டும். சிக்கனம் பார்த்து மெல்லிசாகச் சீவுகிறவர்கள்தான் "கூட்டு கசக்குது, நாக்கு அரிக்குது" என்று புகார் சொல்கிறார்கள். இரண்டாகப் பிளந்து, விதையையும் அதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வையும் கரண்டியால் வழித்து எடுங்கள். ஒரு கிலோ காயில் ஏறத்தாழ முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சதை தேறும். அதைத் துண்டுகளாக்கி, உப்புப் போட்ட தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை அலசுங்கள். காயின் வேலை முடிந்தது.

நான்கு பேருக்குக் கூட்டு என்றால் இதில் பாதி போதும். அரை ஆழாக்குப் பாசிப்பருப்பை மஞ்சள்தூள் போட்டு முக்கால் பதம் வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம், ஒரு விசில் அதிகமானால் காய் கரைந்துவிடும். காயைப் பருப்போடு சேர்த்து மூடி, எட்டிலிருந்து பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கரண்டி நுனியால் அழுத்தினால் துண்டு உடையாமல் கரண்டி உள்ளே இறங்க வேண்டும், அதுதான் பதம். உப்பை அப்போது போடுங்கள். ஒரு கைப்பிடி தேங்காய், இரண்டு பச்சைமிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கி, தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளியுங்கள். சுரைக்காய்க் கூட்டு என்று சொல்லிப் பரிமாறினால் பாதிப்பேர் நம்பிவிடுவார்கள். "பப்பாளிக்காய் எங்கள் வீட்டில் உள்ளே வராது" என்று சொல்லும் அத்தைமாருக்கு ஒரு செய்தி: பேக்கரி பன்னிலும் கேக்கிலும் சிவப்பும் பச்சையுமாக மின்னுகிறதே டூட்டி ஃப்ரூட்டி, அது பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் போட்டு எடுத்ததுதான். வருடக்கணக்காக வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கூட்டு நன்றாகக் கொதிப்பதால் நொதி அடங்கிவிடுகிறது. கொதிக்காத இடத்தில்தான் அது சேட்டை செய்யும். பச்சைக்காயைத் துருவிப் பாலிலோ தயிரிலோ கலந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கசக்கிறது என்பார்கள். பால் கெட்டுப்போகவில்லை. நொதி பாலின் புரதத்தை உடைத்துவிட்டது, உடைந்த துண்டுகளுக்குக் கசப்பு ருசி.

இப்போது கறிக்கு வருகிறேன். ஆட்டுக்கறியில் பப்பாளிக்காய் விழுது போடுவது நல்ல வழக்கம்தான். அளவுதான் பிரச்சினை. நன்றாக வேகட்டும் என்று அரைக் காயை அரைத்துப் போட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் கறி மாவாகிவிட்டது என்று எனக்குப் படம் அனுப்புகிறார்கள். ஒரு கிலோ கறிக்குத் தோலோடு அரைத்த விழுது ஒரு மேசைக்கரண்டி போதும். இங்கே தோல் வேண்டும், பால் அதில்தானே இருக்கிறது! ஊறும் நேரம் அரை மணியிலிருந்து ஒரு மணி.

அதிகம் ஊறவைப்பதால் ஏன் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழுது கறிக்குள் ஆழமாக இறங்காது, மேல்பரப்பில்தான் நிற்கும். எட்டு மணி நேரம் வைத்தால் மேலே கூழ், உள்ளே பழைய நார். தவிர, குளிர்ந்த கறியில் பப்பைன் மெதுவாக வேலை செய்யும். அறுபது எழுபது டிகிரி சூட்டில்தான் அதற்கு உச்ச வேகம். அதாவது கறி அடுப்பில் சூடேறிக்கொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலான வேலை நடக்கிறது. கொதிநிலையில் கொஞ்ச நேரம் நின்றால் அடங்கிவிடும். அதனால் அடுப்பை முதலில் மிதமாக வையுங்கள், பிறகு நன்றாகக் கொதிக்க விடுங்கள். பிராய்லர் கோழிக்கு இது தேவையே இல்லை. விரலால் தொட்டால் கறியின் மேற்பரப்பு வழவழவென்று மாவாக ஒட்டினால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். உடனே வாணலியில் போடுங்கள், இன்னும் காத்திருக்காதீர்கள்.

இனி என்னை உண்மையிலேயே கோபப்படுத்திய விஷயம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன மாதம் பேசினாள். ஐந்து மாதம். நன்றாகப் பழுத்த பப்பாளியை நறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெரியவர்கள் தட்டையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா" என்று ஒரு வார்த்தை வேறு. அந்த வார்த்தைக்குப் பிறகு இரண்டு நாள் தூக்கமில்லையாம் அவளுக்கு. அதே ஞாயிற்றுக்கிழமை அதே வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. அதில் பப்பாளிக்காய் விழுது. குழம்பு நன்றாகக் கொதித்திருக்கும், அதனால் அதைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஆனால் பழத்தைப் பிடுங்கிய கை, காயை அரைத்தபோது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பால் இல்லாத இடத்தில் பயம், பால் உள்ள இடத்தில் அலட்சியம்.

பெரியவர்களின் பயம் ஒன்றுமில்லாததிலிருந்து வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2002 இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். நன்கு பழுத்த பழத்தின் சாறு கருப்பையைச் சுருங்க வைக்கவில்லை. காயின் பால் சுருங்க வைத்தது. எலிதான், மனிதர் இல்லை. ஆனாலும் எந்தப் பக்கம் கவனம் வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. முழுக்க மஞ்சளாகி, அமுக்கினால் இளகும் பழத்தில் பால் ஏறத்தாழ வற்றிவிடுகிறது. அதைக் கர்ப்பிணிகள் அளவோடு சாப்பிடலாம். சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். காயும் செங்காயும் பிரசவம் வரை வேண்டாம், கூட்டானாலும் சரி, சாலட்டானாலும் சரி, கறி விழுதானாலும் சரி. பத்து மாதம் பப்பாளிக்காய் சாப்பிடாவிட்டால் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடாது. இதைச் சொல்லத் தட்டைப் பிடுங்க வேண்டியதில்லை. "அடியில் பச்சை இருக்கிறதா பார்த்து நறுக்கும்மா" என்றால் போதும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அது இன்னும் மோசம். கரு வேண்டாம் என்று பப்பாளிக் காயையும் பாலையும் நம்பி, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே எதையாவது செய்துகொள்ளும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளே, உங்கள் வாத்தியாராகச் சொல்கிறேன், வெட்கப்படாமல் கேளுங்கள். அது வேலை செய்யும் என்ற உறுதியும் கிடையாது, உடம்புக்குப் பாதுகாப்பும் கிடையாது. நம் நாட்டில் சட்டப்படி மருத்துவமனையில் செய்துகொள்ள வழி இருக்கிறது. மருத்துவரிடம் போங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் டீச்சரம்மா வருவாள், எங்கள் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

மருவுக்கும் படர்தாமரைக்கும் பால் தடவச் சொல்லும் பார்வர்டுக்கும் இதே பதில்தான். நல்ல தோல் எது, மரு எது என்று நொதிக்குத் தெரியாது. சுற்றியுள்ள தோல் வெந்து கொப்புளமாகும். படர்தாமரை ஒரு பூஞ்சை, அதற்கு மருந்துக்கடையில் களிம்பு இருக்கிறது. முகப்பருவுக்குத் தடவுகிறவர்களை என்ன சொல்ல? முகத்தை ஆட்டுக்கறி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கையில் பால் பட்டுவிட்டால் காயவிடாதீர்கள். எண்ணெய் தடவி வழித்து, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். கண்ணில் தெறித்துவிட்டால் தேய்க்காமல், கண்ணைத் திறந்து வைத்தபடி பதினைந்து நிமிடம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

பப்பாளி விஷம் என்று இனி யாராவது அனுப்பினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எது, காயா, செங்காயா, பழமா?" மருந்து என்று அனுப்பினாலும் அதே கேள்விதான். பதில் சொல்லத் தெரியாதவர் அடுத்தவர் தட்டில் கை வைக்க வேண்டாம்.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள், படித்துப் பதில் சொல்கிறேன். பார்வர்டு மட்டும் ஒட்டாதீர்கள். கூட்டு வைத்துப் பார்த்தவர்கள், காயை வெட்டியபோது விதை எந்த நிறத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.